செங்கல் விலையில் வண்டி வாடகையை எப்படிச் சேர்ப்பது?

வணக்கம். ஃபிளை ஆஷ் செங்கல் போடுகிறேன், ஒரு கல்லுக்கு அடக்கம் 5.50 ரூபாய். யூனிட்டில் வந்து எடுத்தால் 7 ரூபாய். லோடுக்கு 3,000 கல்; வாடகை 10 கி.மீ.க்கு 1,500, 60 கி.மீ.க்கு 6,000. அதாவது கல்லுக்கு 50 பைசா, 2 ரூபாய்.

தூரத்து சைட்டுக்கு 9 ரூபாய் ஆகிறதே என்று, எல்லா ஊருக்கும் இறக்கிக் கொடுத்து 8.25 என்று ஒரே விலை வைத்தேன். பாதி பக்கம், பாதி தூரம் என்று சராசரி வாடகை 1.25 போட்டது அப்போது சரிதான். ஆனால் பக்கத்து ஆட்கள் சொந்த வண்டியோடு வந்து 7 ரூபாய்க்கே எடுத்துக்கொண்டார்கள், தூரத்து ஆர்டர்தான் கூடியது. இப்போது நாலு லோடில் மூன்று தூரம், வாடகை 19,500, விலையில் வருவது 15,000, மீதி 4,500 என் கையிலிருந்து போகிறது.

அதனால் வாடகை வித்தியாசத்தில் பாதியை மட்டும் நான் ஏற்கலாமா என்று யோசிக்கிறேன்: பக்கத்தில் 7.50, தூரத்தில் 8.25. தூரத்து லோடில் கல்லுக்கு 75 பைசாதான் நிற்கும், ஆனால் பக்கத்தில் வாங்கி அங்கே கொண்டுபோய் விற்க யாருக்கும் கட்டாது. அந்த ஊரிலேயே இன்னொரு யூனிட் வந்தால் இந்தப் பாதிக் கணக்கு நிற்காது என்பதும் தெரிகிறது.

தூரத்தைப் பிரித்து விலை வைத்தவர்கள், எத்தனை கி.மீ.க்கு ஒரு விலை வைத்தீர்கள், எல்லையில் இருக்கிறவர்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்களேன்.