புதுப்பிப்பு: ஈசிஆர் புல்வெளி ரிசப்ஷன், மாற்றுத் தேதி

முன்பு கேட்டது: “செப்டம்பர் கடைசியில் மாலை ரிசப்ஷன். ஆப் 40% மழை என்கிறது. மறுநாளையே மாற்றுத் தேதியாக வைக்கலாமா?”

மறுநாள் வேண்டாம் என்றே முடிவு. வானிலை தெரிந்த அண்ணன் ஒருவர் விளக்கியது இதுதான்: இரண்டு நாளும் தனித்தனி 40% என்றால், இரண்டிலும் மழை வர வாய்ப்பு 16% மட்டுமே. ஆனால் அடுத்தடுத்த நாட்கள் அப்படி இருப்பதில்லை. மழைச் சூழல் வந்தால் சில நாள் நீடிக்கும். அதோடு முதல் நாள் மழையில் ஊறிய புல்லில் நாற்காலிக் கால்கள் புதையும். அதனால் ஒரு வாரம் தள்ளியாவது தேதி வேண்டும். அக்டோபர் மூன்றாம் வாரத்தைத் தொடவே கூடாது, வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும்.

“40% என்றால் ஊரில் 40% இடத்தில் மழை” என்றார் ஒருவர். அது பாதி சரி. வானிலை மையத்தின் “ஓரிரு இடங்களில்” என்பதுதான் பரப்பைச் சொல்வது. ஆப் காட்டுவது நம் இடத்தில் மழை வரும் வாய்ப்பு.

கோவை அக்கா தன் மகளின் காலை முகூர்த்தத்தைப் பற்றி எழுதினார். கேள்விக்கு நேர்ப் பதில் இல்லை, ஆனாலும் உதவியது: செப்டம்பர் இடிமழை சென்னையில் பெரும்பாலும் மாலை, இரவில்தான். மணிவாரிக் கணிப்பைப் பார்த்து ரிசப்ஷனைக் காலைக்கு மாற்றுவது தேதி மாற்றுவதைவிட மலிவு.

பத்து நாள் முன் கணிப்பு 0 முதல் 40 மி.மீ. வரை விரிந்தால் எதையும் முடிவு செய்ய வேண்டாம். மூன்று நாள் முன்பும் விரிவு குறையாவிட்டால் ஷாமியானா போடச் சொல்லிவிடலாம். அதற்கு எவ்வளவு முன்பணம் நியாயம் என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.