ரெஸ்யூமேயில் புராஜெக்ட், கிட்ஹப் லிங்க்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

அஞ்சுரோடு வாசி
எங்கள் ஆபீஸில் ஃப்ரெஷர் இன்டர்வியூ. ரெஸ்யூமே எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார்கள். ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஒரே பக்கத்தில் ஆறு புராஜெக்ட். வானிலை ஆப், டூ-டூ லிஸ்ட் எல்லாம் மேலே, ஐந்தாவதாக ‘பட்டறைக் கணக்கு’. ஒவ்வொன்றின் கீழும் நீல நிறத்தில் ‘லிங்க்’ என்று ஒரு சொல். தாளில் அதை எங்கே போய் அழுத்துவது? ஸ்கில்ஸில் வரிசையாகப் பெயர்கள், அதில் குபர்னெட்டீஸும் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் அதையே பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார். அந்தப் பெண் ஒரு டுடோரியலைப் பார்த்து ஓட்டியதோடு சரி, திணறிவிட்டார்.

முடியப் போகும் நேரத்தில் பட்டறைக் கணக்கு என்னவென்று நான் கேட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் கொலுசுப் பட்டறைக்கு எழுதியதாம். ஆளுக்குக் கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசின் எடை, சேதாரம், இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் யாரிடம் இடிக்கிறது என்று காட்டும். “கிராமை ஃப்ளோட்டில் வைத்தால் கூட்டும்போது கடைசி இலக்கம் பிசகுது சார், அதனால் மில்லிகிராமில் முழு எண்ணாக வைத்தேன்” என்றார். அதைச் சொன்னபோதுதான் குரலே திறந்தது. ஆனால் அதற்குள் மற்றவர் மார்க் போட்டு முடித்துவிட்டார். எடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சூரமங்கலம் தீபா
லிங்க்கே வேண்டாம் அண்ணா. முதலில் படிப்பது மென்பொருள்தான், அதற்கு ஸ்கில்ஸில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை நல்லது. இரண்டு பத்தியாகப் பிரித்து ஐகான் வைத்த டெம்ப்ளேட்டில் நான் அனுப்பினேன். அந்தத் தளம் என் போன் நம்பரைக் கல்லூரிப் பெயர் கட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டது. அதன்பின் எல்லாம் ஒரே பத்திதான்.

மலைப்பாதை
எனக்கு நடந்தது வேறு. டெமோவை ரெண்டர் இலவசத் திட்டத்தில் போட்டிருந்தேன். 15 நிமிடம் யாரும் வராவிட்டால் அது தூங்கிவிடும். மேனேஜர் என் கண் முன்னால் திறக்கிறார், வெள்ளைப் பக்கம் அப்படியே நிற்கிறது. எழுந்து வர ஒரு நிமிடம் போல ஆகும் என்று நான் சொல்லச் சொல்ல டேபை மூடிவிட்டார். தூங்காத இலவச ஹோஸ்டிங் எது, யாராவது சொல்லுங்கள்.

பழைய பேனல் ஆள்
தீபா, ஒரே பத்தி என்பது சரி. பெயரை அடுக்குவது சரியில்லை. மென்பொருள் தாண்டி உள்ளே வந்தபின் மனிதர் கேட்பார், அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் அதுதானே. ஒரு பெயரைப் பற்றித் தொடர்ந்து இரண்டு கேள்விக்கு நிற்க முடிந்தால் மட்டும் ஸ்கில்ஸில் வைக்கலாம்.

அந்த ரெஸ்யூமே என் கைக்கு வந்தால் டூ-டூவையும் வானிலையையும் எடுத்துவிட்டு, பட்டறைக் கணக்கை முதலில் வைப்பேன். தலைப்பு வரியிலேயே அதற்கு நிஜமாகப் பயன்பட்டவை மட்டும்: ரியாக்ட், நோட், போஸ்ட்கிரெஸ் என்று மூன்று இருந்தால் மூன்றே. கிட், வி.எஸ். கோட் எல்லாம் அங்கே எதற்கு? அடுத்த வரி, யாருக்கு என்ன வேலை செய்கிறது. அதற்கடுத்தது மில்லிகிராம் வரி. எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி அது, கேள்வியும் அங்கேதான் வர வேண்டும். கடைசியில் முகவரி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக:

```
github.com/username/pattarai-kanakku
```

முன்னால் `https://www.` வேண்டாம். அந்த எழுத்துக்கே லிங்க் கொடுத்துவிட்டால் பி.டி.எஃபில் அழுத்தவும் வரும், தாளில் பார்த்து டைப் செய்யவும் முடியும்.

அனுப்புவதற்கு முன் இன்காக்னிட்டோவில் அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். ரெப்போ பிரைவேட்டாக இருந்தால் கிட்ஹப் ‘அனுமதி இல்லை’ என்று சொல்லாது, 404 காட்டும். லாகின் செய்திருக்கும் உங்களுக்கு மட்டும் நன்றாகத் திறக்கும். பார்ப்பவர் பொய் லிங்க் என்றே நினைப்பார். நான் பார்த்த ரெஸ்யூமேக்களில் இது நிறைய.

மலைப்பாதை தம்பி, ஹோஸ்டிங் மாற்றித் தீராது. ரீட்மீயின் முதல் திரையில் ஸ்கிரீன்ஷாட் இரண்டு வைத்து, ரெஸ்யூமேயில் ரெப்போ முகவரியை மட்டும் கொடுங்கள். தளம் தூங்கினாலும் படம் தெரியும்.

மலைப்பாதை
படம் யார் வேண்டுமானாலும் போடலாமே அண்ணா. ஓடுவதைக் காட்டினால்தானே நம்புவார்கள்?

ஜங்ஷன் செல்வி
ரெப்போ கொடு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நான் நாலு வருடமாக எழுதியதெல்லாம் கம்பெனி கோட், ஒரு வரி வெளியே காட்ட முடியாது. ரெஸ்யூமேயில் லிங்க் இல்லை என்றதும் ஒருவர் “அப்போ நீங்கள் என்னதான் செய்தீர்கள்?” என்று கேட்டார். இதற்காக வார இறுதியில் ஒரு பொய் புராஜெக்ட் செய்யச் சொல்கிறீர்களா?

பழைய பேனல் ஆள்
இல்லைங்க. வேலை அனுபவத்துக்குக் கீழே லிங்க் யாரும் எதிர்பார்க்கக் கூடாது. என்ன மாறியது என்று ஒரு வரி போதும். கேட்டவர்தான் தப்பு.

ஜங்ஷன் செல்வி
கேட்கிறவர் கையில்தானே வேலை இருக்கிறது.

அஞ்சுரோடு வாசி
அந்தப் பெண்ணின் ரெப்போவை அன்று இரவே பெயரை வைத்துத் தேடி எடுத்தேன். கோட் சுத்தம். ஆனால் சாம்பிள் டேட்டாவில் பட்டறை ஆட்களின் நிஜப் பெயரும், யாரிடம் எவ்வளவு வெள்ளி நிற்கிறது என்பதும் அப்படியே இருக்கிறது. அழித்து கமிட் போட்டாலும் பழைய ஹிஸ்டரியில் இருக்குமே. இப்போதைக்குப் பிரைவேட் ஆக்கி, பொய்ப் பெயர்களோடு புது ரெப்போ தொடங்கச் சொல்லலாமா, ஹிஸ்டரியையே திருத்தச் சொல்லலாமா? நாளைக்கு அவருக்கு மெயில் எழுத வேண்டும்.