புட்-கால் பாரிட்டியை நம்பி இறங்கிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

மதுரை_முத்து

இரண்டு வருடமாக மனதில் கிடந்து உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஒரு பொதுத்துறைப் பங்கு 1,200 என் டீமேட்டில் நெடுநாளாக இருந்தது. ஆப்ஷன் லாட்டும் 1,200தான். ஜனவரியில் ஒரு நாள் பங்கு சரியாக 500 ரூபாயில் நிற்கிறது. எக்ஸ்பைரிக்கு 40 நாள். 500 ஸ்ட்ரைக் கால் 16.00, அதே ஸ்ட்ரைக் புட் 20.15.

பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பங்கும் ஸ்ட்ரைக்கும் ஒன்றாக இருந்தால் கால்தானே விலை கூட இருக்க வேண்டும்? கால் வாங்கினவர் 500 ரூபாயை 40 நாள் கழித்துத்தான் எடுத்து வைக்கிறார். 7 சதவீதம் என்றால் அந்த வட்டி 3.84 வருகிறது. இங்கே தலைகீழாக புட் 4.15 கூடுதல்.

உடனே பங்கை விற்றேன், காலை வாங்கினேன், புட்டை விற்றேன். வந்த 6 லட்சத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு, அதையே அடகு வைத்து மார்ஜின் காட்டினேன். விலை ஏறினால் கால் மூலமாக, இறங்கினால் புட் மூலமாக, எப்படியும் 500க்கு என் பங்கு திரும்பி வந்துவிடும். நடுவில் பங்குக்கு 8 ரூபாய் சும்மா கிடைக்கிறது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் டீக்கடையில் நிற்கும்போது போனில் செய்தி வந்தது: இடைக்கால டிவிடெண்ட், பங்குக்கு 8 ரூபாய். பதிவுத் தேதி எக்ஸ்பைரிக்கு முன்னால். பங்கு என் கையில் இல்லை. டீ ஆறிப்போகும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோவை_பாலு

எனக்கும் பிசிஆர் பார்த்து ஒரு தடவை நல்ல அடி. புட்-கால் விகிதம் 1.4 காட்டியது, சந்தை ஏறும் என்று வாங்கினேன், மூன்று நாளில் சரிந்துவிட்டது. அந்த விகிதத்தை நம்பவே கூடாது.

சேலம்_ராஜி

பாலு அண்ணா, அது எத்தனை புட், எத்தனை கால் நிலுவையில் இருக்கிறது என்ற விகிதம். முத்து அண்ணா சொல்வது விலைகளுக்கு இடையே உள்ள கட்டு. இரண்டும் வேறு.

என் கதை சின்னது. ஒரு வங்கிப் பங்கில் பாரிட்டி 11 ரூபாய் இடிக்கிறது என்று என் எக்செல் ஷீட் சிவப்பு காட்டியது. ஆர்டர் போட்டேன், புட் பக்கம் மட்டும் நிறைவேறவே இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

அன்றைக்குத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், புதிதாக வருபவர்களுக்கு உதவும். ஷீட்டில் இருந்தது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அந்தப் புட்டில் கடைசி வியாபாரம் காலை 9:40க்கு. நான் பார்த்தது மதியம் 2 மணிக்கு. இடையில் பங்கு நன்றாகவே நகர்ந்திருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் பழசான விலையை இப்போதைய பங்கு விலையோடு வைத்துப் பார்த்தால் இடிக்கத்தானே செய்யும்? அதனால் வாங்க வேண்டியதற்கு விற்பவர் கேட்கும் விலையையும், விற்க வேண்டியதற்கு வாங்குபவர் தரும் விலையையும் மட்டும் போட்டுப் பாருங்கள். பங்குக்கும் அப்படியேதான். அப்புறம் அந்த விலையில் ஒரு முழு லாட்டுக்கு ஆள் நிற்கிறார்களா என்று பாருங்கள். அடுத்த மாத ஆப்ஷனில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் 3 ரூபாய் இடைவெளி சாதாரணம். இப்படிச் சலித்துப் பார்த்தபோது என் ஷீட்டின் சிவப்பெல்லாம் மறைந்துவிட்டது.

மதுரை_முத்து

ராஜி, நான் சொன்ன விலைகள் உண்மையிலேயே ஆர்டர் நிறைவேறிய விலைகள். என் விஷயம் அது இல்லை.

திருச்சி_கணேஷ்

டிவிடெண்ட் வந்தால் எக்ஸ்சேஞ்ச் ஸ்ட்ரைக்கைக் குறைத்துவிடுமே. 500 ஸ்ட்ரைக் 492 ஆகியிருக்கும், உங்களுக்கு ஒன்றும் போயிருக்காது. சரியாகப் பாருங்கள்.

பழைய_டீலர்

கணேஷ் தம்பி சொல்வது பாதிதான் சரி. சந்தை விலையில் 2 சதவீதமோ அதற்கு மேலோ போனால்தான் அதைச் சிறப்பு டிவிடெண்ட் என்று எடுத்துக்கொண்டு ஸ்ட்ரைக்கைக் குறைப்பார்கள். 500க்கு 8 என்பது 1.6 சதவீதம். ஸ்ட்ரைக் அப்படியே நிற்கும்.

முத்து, கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். புட்டுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசத்தில் உங்களுக்கு வந்தது 4.15 × 1,200 = 4,980. 6 லட்சத்துக்கு 40 நாள் வட்டி 4,603. மொத்தம் 9,583. இழந்த டிவிடெண்ட் 9,600. 17 ரூபாய்தான் வித்தியாசம்! அந்த விலைகளில் பிசகே இல்லை. பங்கு விலையிலிருந்து வரப்போகும் டிவிடெண்டைக் கழித்துவிட்டுப் பாரிட்டியைப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

உங்களுக்கு நிஜமாகப் போனது வேறு இடத்தில். விற்றபோது எஸ்டிடி 600, டெலிவரியில் திரும்ப வாங்கியபோது இன்னொரு 600, தரகு தனி. நெடுநாள் வைத்திருந்த பங்கை விற்றதால் ஆதாய வரியும் அந்த வருடமே வந்து நிற்கும். திரும்பி வந்த பங்குக்கு வைத்திருந்த காலம் முதலிலிருந்து தொடங்கும்.

திருச்சி_கணேஷ்

2 சதவீத விஷயம் எனக்குத் தெரியாது, சரி. ஆனால் எக்ஸ்பைரி அன்று விலை எங்கே இருந்தது? கீழே இருந்தால் புட் விற்றதிலும் நஷ்டம் சேருமே.

மதுரை_முத்து

487. புட் என் தலையில் விழுந்தது, 500 கொடுத்து எடுத்தேன்.

திருச்சி_கணேஷ்

அப்போ பங்குக்கு 13 ரூபாய் போச்சு, 15,600. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

பழைய_டீலர்

அவர் பங்கை விற்காமலே இருந்திருந்தாலும் அன்றைக்கு கையில் இருப்பது 487தான், தம்பி. 500க்கு விற்று 500க்கு எடுத்திருக்கிறார். அந்த 13 ரூபாய் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

சென்னை_மீனா

முத்து சார் செய்த அதே காரியம் லாபமாகியிருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. 2000 மார்ச், அமெரிக்காவில் பாம் என்ற கையடக்கக் கணினி நிறுவனத்தின் பங்கு. அதன் தாய் நிறுவனமான த்ரீகாம் தன்னிடமிருந்த பாமில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் வெளியே விற்றது. மீதியைப் பின்னால் த்ரீகாம் பங்குதாரர்களுக்கு, ஒரு பங்குக்கு ஏறக்குறைய ஒன்றரை பாம் என்று பிரித்துத் தருவதாகச் சொன்னது. முதல் நாள் முடிவில் பாம் 95 டாலர், த்ரீகாம் 82 டாலர். ஒன்றரை பாமே 140 டாலருக்கு மேல் வருகிறது!

பிறகு பாம் ஆப்ஷன் வந்தபோது புட் விலை காலை விட மிக அதிகம். காலை வாங்கிப் புட்டை விற்று உண்டாக்கும் பாம், சந்தையில் விற்கும் பாமை விட மலிவு. அங்கே டிவிடெண்ட் காரணம் இல்லை. விற்பதற்குப் பங்கைக் கடன் வாங்க முடியவில்லை, கிடைத்தாலும் வாடகை மிக அதிகம். அதனால் பிசகு எல்லார் கண்ணிலும் பட்டும் வாரக்கணக்கில் நின்றது. கையில் ஏற்கெனவே பாம் வைத்திருந்தவர் மட்டும் அதை விற்று ஆப்ஷன் வழியாகத் திரும்பப் போயிருக்கலாம்.

அதனால் புட் அளவுக்கு மீறி விலை கூட இருந்தால் இரண்டு கேள்வி கேட்பேன். எக்ஸ்பைரிக்குள் டிவிடெண்ட் உண்டா? இந்தப் பங்கைக் கடன் வாங்குவது கஷ்டமா? நம் ஊரில் ஒரே நாளுக்கு மேல் ஷார்ட் வைக்க, பங்கைக் கடன் வாங்கும் எஸ்எல்பி வழியாகப் போக வேண்டும், அதில் பல பங்குகளுக்கு ஆளே இருக்க மாட்டார்கள்.

மதுரை_முத்து

எல்லாம் சரி. 17 ரூபாய்க் கணக்கை நானும் பின்னால் போட்டுப் பார்த்தேன். என்னை உறுத்துவது வேறு. நான் வாங்கிய அன்று டிவிடெண்ட் அறிவிக்கவே இல்லை. போர்டு கூடுவது பத்து நாள் கழித்து. அதற்குள் 8 ரூபாய் எப்படி விலைக்குள் வந்தது? யாருக்கோ முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

பழைய_டீலர்

அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனம், நிதியாண்டு முடிவதற்குள் இடைக்கால டிவிடெண்ட் கொடுக்கும் வழக்கம் அதற்கு இருந்திருக்கும். முந்தைய இரண்டு மூன்று வருடத்தை எடுத்துப் பாருங்கள். டெஸ்கில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் போட்டுத்தான் விலை சொல்வார்கள்.

மதுரை_முத்து

பார்த்தேன் சார். அதற்கு முந்தைய வருடம் 5 ரூபாய், அதற்கும் முன்னால் 5.50.

சேலம்_ராஜி

லாபம் கூடியிருந்தால் எதிர்பார்ப்பும் கூடுமே? டிசம்பர் காலாண்டு முடிவு எப்படி வந்திருந்தது?

மதுரை_முத்து

நான் வாங்கிய அன்று அந்த முடிவும் வரவில்லை.