பதின்மூன்றாவது ஆள் சேர்ந்தால் சீட்டுக் கணக்கு எப்படி?

*ஈசூன் புளோக் சீட்டு, வாட்ஸ்அப் குழு*

மல்லிகா அக்கா: ஜனவரிச் சீட்டுக்கு 12 பேர் சேர்ந்தாச்சு, ஆளுக்கு மாதம் 200 வெள்ளி. இப்போது ஒன்பதாம் மாடி கவிதாவும் சேர்கிறேன் என்கிறாள். சேர்த்துக்கொண்டால் எடுப்பவருக்கு எவ்வளவு வரும்? யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

செல்வா: இதில் என்ன அக்கா யோசனை, 13 பேர் 200 போட்டால் மாதம் 2600. எடுப்பவர் கையில் 2600ஐக் கொடுங்கள், டிசம்பரோடு சீட்டு முடிந்தது.

ரவி மாமா: வசூல் சரிதான் தம்பி. ஆனால் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை 12 மாதம்தானே, 12 பேர்தான் எடுப்பார்கள். ஆளுக்கு 2400 கட்டி 2600 எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், அந்த 200 கூடுதல் எங்கிருந்து வந்தது? கவிதா கட்டிய 2400தான் 12 பேருக்கும் பங்காகப் போயிருக்கிறது. அவள் கையில் ஒன்றும் இல்லை.

செல்வா: ஐயோ ஆமாம் 😅

ரவி மாமா: எத்தனை பேரோ அத்தனை மாதம். 12 பேர் என்றால் மாதம் 2400, ஒருவர் மொத்தம் கட்டுவதும் 2400, சீட்டில் புரள்வது 28,800. 13 பேர் என்றால் 13 மாதம், எடுப்பது 2600, கட்டுவதும் 2600, புரள்வது 33,800. கட்டியதும் எடுத்ததும் ஒன்றாக இல்லாவிட்டால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம்.

பாத்திமா அக்கா: ஒரு சந்தேகம். நான் எடுக்கிற மாதத்தில் நானும் 200 கட்ட வேண்டுமா?

ரவி மாமா: கட்டிவிட்டு 2600 வாங்கினாலும் சரி, கட்டாமல் 2400 வாங்கினாலும் சரி, உங்களுக்கு ஒன்றுதான். ஆனால் ஒருவர் அப்படி ஒருவர் இப்படி என்றால் நோட்டில் குழம்பிவிடும். எல்லாரும் மல்லிகாவுக்குப் பேநவ் பண்ணிவிடுங்கள், அவர் முழுத் தொகையையும் அனுப்பட்டும்.

சரோஜா ஆன்ட்டி: திருச்சியில் என் தங்கை போட்டிருக்கும் சீட்டில் எல்லா மாதமும் ஒரே தொகை வராதே? முதலில் எடுத்தால் குறைவாகத்தான் கிடைக்குமாம். தள்ளு எவ்வளவு என்று சொல்லவே இல்லையே?

ரவி மாமா: அது ஏலச்சீட்டு சரோஜா. நம்முடையதில் தள்ளு கிடையாது, குலுக்கல்தான். அங்கே அவசரத்துக்கு ஒருவர் 260 வெள்ளி தள்ளி எடுக்கிறார் என்று வை, அவருக்கு 2340 வரும், அந்த 260 எல்லாருக்கும் ஆளுக்கு 20 ஆகப் பிரியும், அந்த மாதம் 180 கட்டினால் போதும். முதலில் எடுப்பவர் கொடுக்கிற வட்டிதான் அது. நம் சீட்டில் முதலில் எடுப்பவருக்கு வட்டியில்லாக் கடன், கடைசி ஆளுக்கு வட்டியில்லாச் சேமிப்பு.

செல்வா: மாமா, 12 மாதத்திலேயே முடிக்க வழி இருக்கிறது. வசூல் 2600 வரட்டும், எடுப்பவருக்கு 2400 மட்டும் கொடுப்போம். மிச்சம் 200 அக்காவிடம் இருக்கட்டும். டிசம்பரில் அது 2400 ஆகிவிடும், கவிதாவுக்குக் கொடுத்துவிடலாம்.

ரவி மாமா: அட, கணக்கு இடிக்கவில்லை. எல்லாரும் 2400 கட்டி 2400 எடுப்பீர்கள். டிசம்பரில் மட்டும் இரண்டு பேர் எடுப்பார்கள்.

மல்லிகா அக்கா: நவம்பர் முடிவில் என் கையில் 2200 வெள்ளி சும்மா கிடக்கும், அதை நான் எடுத்துச் செலவு செய்தேன் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தாங்க மாட்டேன். சீட்டுப் பணம் அன்றைக்கே வந்து அன்றைக்கே போய்விட வேண்டும். எனக்கு 13 மாதமே தேவலை.

பாத்திமா அக்கா: ஜனவரியில் எடுத்துவிட்டு ஜூனிலிருந்து ஒருவர் கட்டாமல் போனால்?

ரவி மாமா: 13 மாதச் சீட்டில் அவர் கட்டியது 1000, எடுத்தது 2600. பாக்கி 1600. ஜூனிலிருந்து எட்டு மாதமும் 2600க்குப் பதில் 2400தான் சேரும், ஒவ்வொரு மாதமும் எடுப்பவருக்கு 200 துண்டு விழும். சீட்டு பிடிப்பவர் போட்டு ஈடுகட்டுவாரா, பின்னால் எடுப்பவர்கள் தாங்குவார்களா என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

மல்லிகா அக்கா: நான் போடுவதாக இல்லை, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

செல்வா: அப்படியென்றால் புதிதாக வருபவரைக் குலுக்கலில் சேர்க்காமல் கடைசியில் வைப்போம்.

பாத்திமா அக்கா: அது நியாயமா? எங்களை அவளுக்கு எவ்வளவு தெரியும்? 2400 முழுதாகக் கட்டி முடிக்கும் வரை ஒரு காசு பார்க்காமல் அவள்தான் நம்மை நம்ப வேண்டும்.

சரோஜா ஆன்ட்டி: பாத்திமா சொல்வது சரி. நானே என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மல்லிகா அக்கா: சரி, கவிதாவிடமே கேட்கிறேன். குலுக்கல் ஞாயிறு மாலை கீழே வாய்ட் டெக்கில், வராதவருக்குப் பதில் குலுக்கல் சீட்டை ரவி மாமா எடுப்பார். தீபாவளிக்கு முன் மாதம் வேண்டும் என்று யாரும் எனக்குத் தனியாக மெசேஜ் போடாதீர்கள், ஏற்கெனவே நான்கு பேர் போட்டாச்சு.