கலைச்சொல் வேண்டும்: சொற்களை எழுத்தெழுத்தாகக் கிளைவிட்டு வைக்கும் ‘டிரை’

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். தரவுக் கட்டமைப்புப் பாடத்துக்குச் செயல்திட்டம் ஒன்று செய்கிறேன். தேடல் பெட்டியில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியவுடன், அவற்றில் தொடங்கும் தமிழ்ச் சொற்களைக் கீழே காட்ட வேண்டும். உள்ளே டிரை வைத்திருக்கிறேன். அறிக்கையைத் தமிழில் எழுத ஆசிரியர் அனுமதி கொடுத்துவிட்டார். கணு, வேர், இலை எல்லாம் பழகிய சொற்கள். டிரைக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ‘முன்னொட்டு மரம்’ என்று எழுதலாமா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. கணு ஒன்றுக்கு ஓர் எழுத்து என்று வைத்தேன். ‘கட’ என்று தட்டினால் கடல், கடலை, கடன் வருகின்றன. கடை, கட்டு, கட்டில் வருவதில்லை. பட்டியலில் ஆறும் இருக்கின்றன.

அருளப்பன்:

முன்னொட்டு வேண்டாம், அம்மா. இலக்கணத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. ‘அவ்வீடு’ என்பதில் முன்னால் நிற்கும் ‘அ’ பொருள் தருகிறது, பிரித்தெடுக்க முடிகிறது, அது முன்னொட்டு. ‘கடல்’ என்பதில் ‘கட’ எதற்கும் ஒட்டவில்லை, வெறும் முற்பாதி. எழுத்துகளின் தொடரைச் சரம் என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆகவே அதன் முற்பகுதி முன்சரம், பிற்பகுதி பின்சரம். உங்களுடையது ‘முன்சர மரம்’ ஆகலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1960இல் எட்வர்ட் ஃப்ரெட்கின் இந்தப் பெயரை வைத்தபோது, மீட்டெடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருந்து நான்கு எழுத்துகளை உருவினார். நாமும் மீட்டலிலிருந்து ‘மீட்பி’ என்று ஆக்கலாம்.

குமரன்:

மீட்பி என்றால் தீயணைப்பு வண்டி நினைவுக்கு வருகிறது. பெயரை விடுங்கள். இதன் முக்கியப் பயன் நினைவகச் சிக்கனம். ஆறு சொற்களுக்கும் பொதுவான ‘க’வை ஒரு முறைதான் வைக்கிறோம். பொதுப்பகுதியைப் பகிர்வதுதான் இதன் உயிர் என்பதால் ‘பகிர்மரம்’ என்றே சொல்லலாம்.

சாதிக்:

மலர்விழியின் இரண்டாவது கேள்விதான் எனக்கு முதலில் படுகிறது.

கணு ஒன்றுக்கு ஓர் எழுத்து என்றால் ட, டை, ட் மூன்றும் வெவ்வேறு கிளைகள். ‘கட’ என்ற கணுவுக்குக் கீழே கடை இருக்கவே முடியாது. அது ‘க’வின் கீழே ‘டை’ என்ற தனிக்கிளையில் நிற்கிறது. கட்டும் கட்டிலும் ‘ட்’ கிளையில் இருக்கின்றன. நிரல் சரியாகத்தான் நடக்கிறது. ஆனால் தட்டுகிறவர் அப்படி நினைப்பதில்லை. அவர் ‘ட’வைத் தட்டிவிட்டு அடுத்த விசையில் ஐகாரக் குறியையோ புள்ளியையோ போடக் காத்திருக்கிறார்.

யூனிகோடில் அந்த எழுத்துகள் தட்டும் வரிசையிலேயே சேமிக்கப்படுகின்றன: கடை என்பது க, ட, ஐகாரக் குறி என மூன்று குறியீடுகள், கட்டு என்பது க, ட, புள்ளி, ட, உகரக் குறி என ஐந்து. கணு ஒன்றுக்கு ஒரு குறியீடு என்று மாற்றுங்கள். ‘கட’வின் கீழே ஆறு சொற்களும் வந்துவிடும். வேரை விட்டுவிட்டால் 14 கணுக்கள் ஆகும். எழுத்துக் கணக்கில் 10தான். நான்கு கணு கூடுதல், அவ்வளவே.

ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் மட்டும் ஒரு தொல்லை உண்டு. அதில் `kad` வரை தட்டியவருக்குத் திரையில் ‘கட்’ இருக்கும். அந்த நொடியில் கட்டும் கட்டிலும் மட்டும் வரும். `a` விழுந்தவுடன் புள்ளி மறைந்து ‘கட’ ஆகும். உடனே ஆறும் வரும். `l` விழுந்தால் ‘கடல்’, கடலை காணாமல் போகும். `ai` சேர்த்தால் திரும்பும். ஒவ்வொரு விசைக்கும் பட்டியல் துள்ளும். சொல்லைச் சேமிக்கும்போது அல்ல, தேடும்போது மட்டும் கடைசிப் புள்ளியை நீக்கினால் இது அடங்கும்:

```python
import unicodedata

def query_key(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    if s.endswith("\u0bcd"):
        s = s[:-1]
    return s
```

புள்ளி இருந்தால் அந்தக் கிளையின் சொற்களை முதலில் காட்டி, மற்றவற்றைப் பின்னால் வையுங்கள். வேண்டுமென்றே புள்ளி வைத்தவருக்கும் குறை இருக்காது.

மேலே உள்ள NFC வரியை விட்டுவிடாதீர்கள். ‘கொ’வை ஒருவர் ஒரே ஒகரக் குறியாகவும், இன்னொருவர் எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் தட்டியிருக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது. உள்ளே இரண்டு கிளைகள் முளைத்துவிடும். சேமிக்கும் சொற்களுக்கும் இதையே செய்யுங்கள். ஒரே சொல் பட்டியலில் இரண்டு முறை தெரிந்தால் இதுதான் காரணம். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ‘ள’வும் போட்டவர்களை மட்டும் NFC காப்பாற்றாது, அவற்றை நீங்களே தேடித் திருத்த வேண்டும்.

குமரன், நீங்கள் சொல்வதில் பாதி சரி. எழுத்துகள் பகிரப்படுகின்றன, உண்மைதான். ஆனால் கணு ஒவ்வொன்றும் பிள்ளைகளின் முகவரிகளைச் சுமக்கிறது. தமிழுக்கு ஒதுக்கிய யூனிகோடு பகுதியில் 128 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் 8 பைட் முகவரி என்று அணி வைத்தால் கணு ஒன்றுக்கு 1024 பைட். வேரோடு சேர்த்து 15 கணுக்களுக்கு 15 கிலோபைட். ஆறு சொற்களையும் UTF-8 கோப்பில் நேரடியாக எழுதினால் 27 குறியீடுகள், 81 பைட்! அணிக்குப் பதிலாக, இருக்கும் பிள்ளைகளை மட்டும் குறிக்கும் பைத்தான் அகராதி வைத்தால் குறையும். ஆனாலும் 81 பைட்டுக்குப் பக்கத்தில் வராது.

குமரன்:

அப்படியானால் டிரையே எதற்கு? சொற்களை வரிசைப்படுத்தி வைத்து, இருமத் தேடலில் ‘கட’ தொடங்கும் இடத்தைப் பிடித்தால் அடுத்தடுத்து எல்லாம் கிடைத்துவிடுமே.

சாதிக்:

கிடைக்கும். சில ஆயிரம் சொற்களுக்கு நான் அதைத்தான் செய்வேன். டிரை தேவைப்படுவது அதிகம் புழங்கும் ஐந்து சொற்களை மட்டும் காட்டும்போது. ‘க’ என்று ஒரே எழுத்தைத் தட்டினால் அதில் தொடங்கும் சொற்கள் எல்லாவற்றையும் புரட்டி வடிகட்ட வேண்டியிருக்கும். டிரையில் ஒவ்வொரு கணுவிலும் ‘எனக்குக் கீழே உள்ள மிகப் பெரிய புழக்க எண் இது’ என்று எழுதி வைக்கலாம். பெரிய எண் இருக்கும் கிளையாகப் பார்த்து இறங்கினால் ஐந்து சொல் கிடைத்ததும் நிறுத்திவிடலாம். புதுச் சொல்லைச் சேர்க்கும்போது வேர் வரை உள்ள எண்களைத் திருத்த வேண்டும். மாணவர்கள் விட்டுவிடுவது அதைத்தான்.

ஸ்டெல்லா:

நான் ஒரு நூலகத்தில் பட்டியல் வேலை பார்க்கிறேன். எங்கள் தேடல் பெட்டியில் ‘வரலாறு’ என்று போட்டால் அந்தச் சொல்லில் தொடங்கும் தலைப்புகள் மட்டும் வருகின்றன. ‘தமிழக வரலாறு’ வருவதில்லை. நீங்கள் பேசும் மரத்தை வைத்தால் இது சரியாகிவிடுமா? பெயர் முடிவானதும் எங்கள் கணினிக்காரரிடம் கேட்கிறேன்.

சாதிக்:

அம்மா, உங்கள் பெட்டிக்குள் ஏற்கெனவே இதுபோன்ற ஒன்றுதான் இருக்கிறது போலிருக்கிறது. தொடக்கத்தை மட்டும் பார்ப்பது இதன் இயல்பு. தலைப்பைச் சொற்களாகப் பிரித்து ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே உள்ளே போட்டு, அது முடியும் கணுவில் நூல் எண்ணைக் குறித்தால் உங்களுக்குப் போதும்.

ஒரு சொல்லின் நடுவிலும் தேட வேண்டும் என்றால் அதன் பின்சரங்கள் எல்லாவற்றையும் உள்ளே போடும் வகை ஒன்று இருக்கிறது. அருளப்பன் ஐயா, பெயரில் சிக்கல் வருவது அங்கேதான். பின்சரங்களை அப்படியே டிரையில் போட்டால், கணுக்கள் மோசமான நிலையில் சரத்தின் நீளத்தின் வர்க்கத்தைப் போலப் பெருகும். கிளை பிரியாத பாதைகளை ஒரே கோடாகச் சுருக்கினால் நீளத்தின் இருமடங்குக்குள் அடங்கும். முன்னதன் பெயரில் டிரை இருக்கிறது, பின்னதன் பெயரில் மரம் இருக்கிறது. பாடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வரும். டிரைக்கு நாம் ஏதோ ஒரு மரம் என்று பெயர் வைத்தால் இரண்டும் ‘பின்சர மரம்’ ஆகிவிடும்.

அருளப்பன்:

இது எனக்குத் தெரியாது. அப்படியானால் முன்சர மரத்தைத் திரும்பப் பெறுகிறேன், பகிர்மரமும் நில்லாது. ஃப்ரெட்கினின் சொல்லும் மரத்துக்கான ஆங்கிலச் சொல்லும் அவர் உச்சரித்தபடி காதில் ஒன்றே. குழப்பத்துக்கு அஞ்சித்தான் மற்றவர்கள் ‘டிரை’ என்று மாற்றிக்கொண்டார்கள். நாமும் மரத்துக்கு இன்னொரு பெயரை எடுத்துக்கொள்வோம். தரு இருக்கிறது. சரத்தரு என்றால் டிரை. பின்சரத்தரு, பின்சர மரம் இரண்டும் பிரிந்து நிற்கும். சுருக்கியதைச் ‘செறிசரத்தரு’ என்னலாம்.

குமரன்:

கற்பகத்தரு கேட்டதைத் தரும். இது தட்டியதைத் தரும். சொல் பிடித்திருக்கிறது. ஆனால் தருவும் மரமும் ஒன்றுதானே என்று முதல் வகுப்பிலேயே ஒருவன் கேட்பான். எது சுருக்கியது, எது சுருக்காதது என்று சொல்லிலிருந்து அவனுக்கு எப்படித் தெரியும்?

அருளப்பன்:

தெரியாது. ஆங்கிலத்திலும் சொல்லிலிருந்து தெரிவதில்லை, பாடம் படித்தால்தான் தெரிகிறது. ‘சரக்கிளை’ என்று இன்னொன்றும் யோசித்தேன். அதைச் சரக்கு, இளை என்று பிரித்துப் படிக்க நம் குழுவிலேயே ஆள் இருப்பதால் விட்டுவிட்டேன்.

சாதிக்:

நான் ‘டிரை’ என்றே எழுதுவேன். பைட்டுக்கும் பிக்சலுக்கும் அப்படித்தான் செய்தோம். ஆனால் சரத்தருவைப் பார்த்தால் புரிந்துகொள்வேன், எதிர்க்கமாட்டேன்.

மலர்விழி:

குறியீட்டுக்கு ஒரு கணு என்று மாற்றிவிட்டேன். ‘கட’வுக்கு ஆறும் வருகின்றன. அறிக்கையில் முதல் இடத்தில் ‘டிரை எனப்படும் சரத்தரு’ என்றும் பிறகு சரத்தரு என்றும் எழுதுகிறேன். முன்சரம், பின்சரம் இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

புழக்க எண் சமமாக இருக்கும் சொற்களை அகரவரிசையில் காட்ட நினைத்தேன். கிளைகளைக் குறியீட்டு எண் வரிசையில் நடந்தால் கடன், கடலை, கடல், கடை, கட்டில், கட்டு என்று வருகிறது. கடன் ஏன் கடலுக்கு முன்னால்?

சாதிக்:

யூனிகோடில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்து இருக்கிறது, நம் நெடுங்கணக்கில் அது மெய்களின் கடைசி. ‘ற’வும் அப்படியே, ‘ர’வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் ‘ட்’ கடைசிக்குப் போய்விடுகிறது. கணுவில் குறியீட்டை அப்படியே வைத்திருங்கள். பிள்ளைகளை நடக்கும்போது மட்டும் நீங்களே எழுதிய வரிசை அட்டவணையைப் பாருங்கள். அதில் புள்ளி முதலில், ‘ன’ கடைசி மெய்யாக, அதற்குப் பிறகு ஜ, ஷ, ஸ, ஹ.

அருளப்பன்:

புள்ளி முதலில் என்பது சில அகராதிகளின் வழக்கம். ‘கட’வுக்கு முன்னே ‘கட்’ வர வேண்டுமா, ‘கடௌ’வுக்குப் பின்னே வர வேண்டுமா என்பதில் அகராதிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. எந்த அகராதியைப் பின்பற்றினீர்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுங்கள்.