ஊதுவிசிறி மோட்டாரை இயக்கும் ஒவ்வொரு முறையும் ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆகிறது, ஓடும்போது அம்பியர் சரியாகத்தான் இருக்கிறது

சம்மாந்துறை ஆலையடி (காலை 7.10)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அரிசி ஆலையில் நெல் உலர்த்தும் ஊதுவிசிறியின் 20 குதிரைவலு மோட்டாரை இயக்கினால், அது வேகம் பிடிப்பதற்குள் ரிலே ட்ரிப் ஆகிவிடுகிறது. நான்கைந்து முறை ரீசெட் செய்து முயன்றால் ஒருமுறை தப்பிப் பிழைத்து ஓடும். ஓடத் தொடங்கிவிட்டால் நாள் முழுவதும் ஒரு தொல்லையும் இல்லை. கிளாம்ப் மீட்டரில் 24 அம்பியர் காட்டுகிறது, மோட்டாரின் தகட்டில் 28 என்று இருக்கிறது. எதையும் மாற்றவில்லை. பெரும்போக நெல் ஈரத்தோடு முற்றத்தில் குவிந்து கிடப்பதால் விரைவாக உதவுங்கள்.

வாழைச்சேனை வாசி (7.32)

எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாருக்கும் இதே வருத்தம்தான் இருந்தது. உறுமிக்கொண்டே நின்றுவிடும். கப்பாசிட்டரை மாற்றியதும் சரியாகிவிட்டது. நீங்களும் முதலில் அதையே பாருங்கள்.

வயரிங் கல்முனை (7.41)

அண்ணன், உங்களுடையது ஒற்றைப் பேஸ் மோட்டார். 20 குதிரைவலு மூன்று பேஸ் மோட்டாரில் கப்பாசிட்டர் இருக்காது. ஆலைக்காரத் தம்பி, ரிலேயை எத்தனை அம்பியரில் வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் நீங்கள் எழுதவில்லை.

சம்மாந்துறை ஆலையடி (7.58)

ரிலே 17இல் இருக்கிறது. அதன் திருகு 12 முதல் 18 வரைதான் போகும். பக்கவாட்டில் 10A என்று ஒரு எழுத்தும் உண்டு.

வயரிங் கல்முனை (8.04)

அப்படியானால் வேறு காரணம் தேடத் தேவையில்லை. ஓடும்போதே 24 அம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 17இல் ரிலே வைத்தால் ட்ரிப் ஆகாமல் என்ன செய்யும்? 10A என்பது அது 10 அம்பியர் ரிலே என்பதையே காட்டுகிறது. 23 முதல் 32 வரை போகும் ரிலே ஒன்றை வாங்கி 30இல் வையுங்கள். அக்கரைப்பற்றில் ஒரு ஆலைக்கு நான் அப்படித்தான் செய்து கொடுத்தேன், இன்றுவரை ஓடுகிறது.

மின்னியல் மூத்தவர் (8.20)

இத்தகைய கேள்விகளுக்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன். யாரும் பழைய பதிவுகளைப் படிப்பதில்லை என்பதால் மீண்டும் எழுதுகிறேன். கோளாறு ரிலேயில் இல்லை, மின்னழுத்தத்தில் இருக்கிறது. ட்ரான்ஸ்போமரில் இருந்து தூரமாக உள்ள ஆலைகளில் மோட்டார் புறப்படும் நேரத்தில் மின்னழுத்தம் சரிகிறது, அதன் வர்க்க விகிதத்தில் மோட்டாரின் முறுக்குவிசை குறைகிறது, அதனால் வேகம் பிடிக்க நேரமாகிறது. மீட்டரை வைத்துப் பார்த்தால் சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

காரைதீவுப் பட்டறை (9.15)

17இல் உள்ள ரிலேயைக் கழற்றி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். 17இல் வைத்த ரிலே 24 அம்பியரில் நாள் முழுவதும் ட்ரிப் ஆகாமல் ஓடுகிறது என்று இவரே எழுதியிருக்கிறார். ரிலேயின் வழியாக 24 அம்பியர் போயிருந்தால் சில நிமிடங்களில் அது விழுந்திருக்க வேண்டும். ஆகவே அதன் வழியாக 24 போகவில்லை. இது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டராகத்தான் இருக்க வேண்டும். ரிலேயின் கீழ்ப்பக்கத்து மூன்று வயர்களும் நேராக மோட்டாரின் U1, V1, W1 முனைகளுக்குப் போகின்றனவா என்று பாருங்கள். போனால் ரிலே டெல்டாவுக்குள், சுருளோடு தொடராக இருக்கிறது. அங்கே ஓடுவது வெளி மின்னோட்டத்தின் 0.58 பங்குதான். 28க்கு அது 16 சொச்சம், 24க்கு 14. எனவே 17 என்பது சற்றே கூடுதலாக இருந்தாலும் தவறான இடத்தில் இல்லை. அந்த இடத்தில் 30இல் வைத்தால், வெளியில் 52 அம்பியர் போகும்வரை ரிலே வாய் திறக்காது, அதற்குள் மோட்டார் கருகிவிடும்.

10A என்பது அம்பியர் அல்ல, ட்ரிப் ஆகும் வேகத்தின் வகுப்பு. வைத்த அளவைப் போல 7.2 மடங்கு மின்னோட்டம் குளிர்ந்த ரிலேயில் போனால், 2 வினாடிக்கு மேல் 10 வினாடிக்குள் அது விழ வேண்டும் என்பதே அதன் பொருள். உங்கள் கதையின் மையம் இந்த வினாடிகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே எனக்கு மூன்று விபரங்கள் தேவை. பொத்தானை அழுத்தி எத்தனையாவது வினாடியில் ட்ரிப் ஆகிறது? ஸ்டாரில் இருந்து டெல்டாவுக்கு மாறும் 'டக்' என்ற சத்தம் எப்போது கேட்கிறது? அந்த நேரத்தில் வெளி வயரில் எத்தனை அம்பியர்? கிளாம்ப் மீட்டரை உள்வரும் வயர் ஒன்றில் மாட்டி, கைத்தொலைபேசியில் காணொளி எடுத்தால் எண்ணும் சத்தமும் ஒன்றாகப் பதிவாகும். முதல் கணத்து உச்சத்தைச் சாதாரண மீட்டர் பிடிக்காது, ஆனால் வினாடிக்கணக்கில் நீடிப்பதைக் காட்டிவிடும். பொத்தானை அழுத்திய கணமே விழுந்தால் இது முற்றிலும் வேறு நோய்.

வயரிங் கல்முனை (9.40)

அக்கரைப்பற்றில் ரிலே உள்வரும் வயரில் இருந்தது. அதனால்தான் அங்கே 30 பொருந்தியது. இங்கே எங்கே இருக்கிறது என்பதைக் கேட்காமல் எழுதியது என் பிழைதான். ஆனால் ஸ்டார்-டெல்டா என்று அவரும் சொல்லவில்லையே.

சம்மாந்துறை ஆலையடி (பகல் 12.25)

ஸ்டார்-டெல்டா என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கவும். வயர்கள் நீங்கள் சொன்னபடி U1, V1, W1க்குத்தான் போகின்றன. காணொளியைப் பார்த்து எழுதுகிறேன். தொடங்கியவுடன் 62 அம்பியர், அது பெரிதாக இறங்கவே இல்லை. 6ஆவது வினாடியில் சத்தம் கேட்டதும் 150க்குத் தாவியது. மெதுவாக 130 வரை இறங்கி, 12ஆவது வினாடியில் ரிலே விழுந்தது. அந்த நேரத்தில் மின்னழுத்தம் 372, சும்மா இருக்கும்போது 398.

மின்னியல் மூத்தவர் (12.31)

372. நான் சொன்னது சரியாயிற்று.

காரைதீவுப் பட்டறை (12.50)

பாதி சரி, ஐயா. 400க்கு 372 என்றால் முறுக்குவிசை ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். அது நேரத்தைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்த மின்னழுத்தம் சென்ற வருடமும் இப்படியே இருந்திருக்கலாம், அப்போது ட்ரிப் ஆகவில்லையே.

காணொளி சொல்வது வேறொன்று. மோட்டார் உண்மையாகவே வேகம் பிடித்திருந்தால், ஸ்டாரில் 62இல் தொடங்கிய அம்பியர் மாறும் நேரத்தில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். இறங்கவில்லை என்றால் விசிறி பாதி வழியில்தான் நிற்கிறது. அந்த நிலையில் டெல்டாவுக்கு மாறினால், நேரடியாகப் புறப்படுவதற்கு நெருங்கிய மின்னோட்டம் மீண்டும் பாய்கிறது. ரிலேயின் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஸ்டாரில் சுருளிலும் அதே 62, அதாவது வைத்த அளவின் 3.6 மடங்கு. டெல்டாவில் 150இன் 0.58 பங்கு 87, அதாவது 5 மடங்கு. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், பின் ஆறு வினாடிகள் முன் ஆறைப் போல இரண்டு மடங்கு சூட்டைக் கொடுக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 7.2 மடங்கில் நான்கரை வினாடி ஓடியதற்குச் சமம். 10A வகுப்பு ரிலே அங்கே விழுவது அதன் கடமை. ரிலே பழுது அல்ல.

இனி உண்மையைச் சொல்லுங்கள் தம்பி. பெல்ட், புல்லி, விசிறி, காற்றுக் கதவு, இவற்றில் அண்மையில் எதையும் தொடவே இல்லையா?

சம்மாந்துறை ஆலையடி (பிற்பகல் 2.05)

மின்சாரப் பக்கத்தில் எதையும் மாற்றவில்லை என்பதைத்தான் சொன்னேன். காற்றுப் போதவில்லை என்று தைப்பொங்கலுக்குப் பிறகு மோட்டார்ப் புல்லியை 6 அங்குலத்தில் இருந்து 7 அங்குலமாக மாற்றினோம். காற்றுக் கதவு துருப்பிடித்துத் திறந்தபடியே நிற்கிறது.

வயரிங் கல்முனை (2.11)

அல்லாஹ்வே! இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்.

காரைதீவுப் பட்டறை (2.40)

இதுதான் கதை. புல்லியை ஆறிலிருந்து ஏழாக்கினால் விசிறி ஆறில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். விசிறி கேட்கும் வலு வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும், ஏறத்தாழ 60 சதவீதம். முன்பு நீங்கள் அளந்திருந்தால் 17, 18 அம்பியர் இருந்திருக்கும். இப்போது 24. அது தகட்டில் உள்ள 28க்குள் இருப்பதால் உங்களுக்கு 'சரி' என்று தோன்றுகிறது. அதே நேரத்தில் விசிறியின் கனம் மோட்டாருக்கு 36 சதவீதம் கூடிவிட்டது. ஓட்டத்தில் ஒளிந்துகொள்ளும் இந்த மாற்றம், புறப்படும்போது வெளிப்படுகிறது.

இன்றைக்குச் செய்யக்கூடியது, காற்றுக் கதவை எண்ணெய் விட்டுத் தட்டி மூடிக்கொண்டு இயக்குவது. இவ்வகை விசிறிக்குக் காற்று ஓடாவிட்டால் சுமை வெகுவாகக் குறையும். டைமரை 6இல் இருந்து 10, 11 வினாடிக்கு நீட்டுங்கள். மாறும் நேரத்தில் அம்பியர் 30க்குக் கீழே வந்திருக்க வேண்டும், அதுதான் அளவுகோல். டெல்டாவுக்கு மாறிய பிறகு கதவை மெதுவாகத் திறவுங்கள்.

இன்னொன்று. ரீசெட் செய்து செய்து நான்கைந்து முறை முயல்வதை உடனே நிறுத்துங்கள். ரிலேயின் தகடு சில நிமிடங்களில் ஆறிவிடும், மோட்டாரின் சுருள் ஆற அதைவிட வெகுநேரம் எடுக்கும். ரிலே அனுமதி தந்தாலும் சுருளுக்குள் முந்தைய சூடு அப்படியே இருக்கும்.

வயரிங் கல்முனை (3.02)

எங்கள் பக்கத்து ஆலைகளில், புறப்படும் சில வினாடிகளுக்கு ரிலேயைக் கடந்து போகும்படி இன்னொரு கொன்டக்டர் போடுவார்கள். அது இலகு அல்லவா?

மின்னியல் மூத்தவர் (3.15)

இப்படிப்பட்ட வேலைகளால்தான் ஆலைகள் எரிகின்றன. 20ஆம் வகுப்பு ரிலே என்று ஒன்று இருக்கிறது, அதே மின்னோட்டத்தில் 20 வினாடிவரை பொறுக்கும். அதை மாட்டினால் முடிந்தது.

காரைதீவுப் பட்டறை (3.38)

கடந்து போகும் கொன்டக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டாருக்கு அதன்பிறகு காவலே இல்லை, அது ஒட்டியிருப்பதும் யாருக்கும் தெரியவராது. அதனால் எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் 20ஆம் வகுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்ட மாட்டேன், ஐயா. விசிறி இறுகி மோட்டார் சுற்றாமல் நின்றால், எத்தனை வினாடி தாங்கும் என்பதை மோட்டார்த் தயாரிப்பாளரின் தாளில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இது பழைய மோட்டார், ஒருமுறை சுருள் மாற்றியதாகவும் இருக்கலாம்.

மின்னியல் மூத்தவர் (3.44)

மூன்று பேஸ் மோட்டார் அந்த அளவைத் தாங்கும். நாற்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

காரைதீவுப் பட்டறை (3.50)

எல்லா மோட்டாரும் தாங்கும் என்று என்னால் எழுதித் தர முடியாது.

சம்மாந்துறை ஆலையடி (மாலை 6.20)

கதவை மூடி, டைமரை 11இல் வைத்தோம். 10ஆவது வினாடியில் 27 அம்பியர், மாறும்போது ஒரு சிறு தாவல் மட்டும், பிறகு அமைதி. நிறுத்தி ஆறவிட்டு மீண்டும் இயக்கினோம், சரியாக ஓடியது. ஆனால் பின்னேரம் பக்கத்து ஆலையும் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருமுறை விழுந்தது. அறுவடை முடிந்ததும் புல்லியைப் பற்றி யோசிப்போம். பெரிய உதவி, நன்றி.

மின்னியல் மூத்தவர் (6.33)

விழுந்தபோது மின்னழுத்தம் எவ்வளவு?

வயரிங் கல்முனை (அடுத்த நாள், காலை 8.15)

தம்பி, மூத்தவர் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள், எனக்கும் அறிய ஆசை. 6 அங்குலப் புல்லியை எறிந்துவிடாமல் வைத்திருக்கிறீர்களா?