புதுப்பிப்பு: ஜிடியில் கத்தாமல் பேசுவது

வேலைத் தேர்வில் நடக்கும் குழு விவாதமான ஜிடி பற்றி முன்பு இங்கே நான் கேட்டிருந்தது: "எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் நடுவில் எப்படி நுழைவது?"

ரவுண்டு முடிந்தது, அடுத்த கட்டத்துக்குத் தேர்வாகிவிட்டேன். தலைப்பு, வீட்டிலிருந்து வேலை.

சீனியர் அண்ணா சொன்ன வழிதான் கைகொடுத்தது: குரலை உயர்த்தாதே, பேசுபவர் வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் அவர் சொல்லையே பிடித்துக்கொள். ஒருவர் "செலவு மிச்சம்" என்று முடித்ததும், "அந்த மிச்சம் நிறுவனத்துக்கு. மின்கட்டணமும் இணையக் கட்டணமும் ஊழியர் தலையில்தானே?" என்றேன். அதுவரை இரண்டு கட்சியாக மோதியவர்கள், செலவை யார் ஏற்பது என்று பேசத் தொடங்கினார்கள்.

என் கேள்விக்கு "முதலில் பேசினால் மார்க்" என்று பதில் எழுதியவர் சொன்னது பாதி சரி. முதலில் பேசியவர் தலைப்பையே திருப்பிச் சொல்லி நின்றுவிட்டார், அப்புறம் யாரும் அவரைத் தொடரவில்லை.

கடைசி நிமிடத்தில் புதுக் கருத்து எதுவும் சேர்க்காமல், எதில் ஒத்துப்போனோம், எது முடிவாகவில்லை என்று மட்டும் சொன்னேன். பேசாமலிருந்த ஒருவரை நான் பேச அழைத்ததற்கு மதிப்பெண் உண்டா என்பது இன்னும் புரியவில்லை. அவர் திணறினார்.